இரண்டு பேர் கையிலும் திறன் மிச்சம். ஆனாலும் விலை ஏன் அடக்கத்துக்கு இறங்குவதில்லை?

தேன்மொழி

ரெண்டு நாளாக ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழி காட்டுங்கள்.

ஒரே மாதிரி சரக்கைச் செய்யும் இரண்டு நிறுவனங்கள். வாங்குபவர்களுக்கு யாருடைய சரக்கானாலும் ஒன்றுதான், விலையை மட்டும்தான் பார்ப்பார்கள். சந்தையின் மொத்தத் தேவை = 110 − விலை. ஒரு அலகுக்கு அடக்கம் 10. இருவருமே நினைத்த அளவுக்குச் செய்ய முடியும் என்றால் கதை சுலபம். ஒருவர் கொஞ்சம் இறக்க, மற்றவர் இன்னும் இறக்க, கடைசியில் விலை 10-ல் வந்து உட்காரும். நிறுவனங்கள் விலையில் அல்ல, உற்பத்தி அளவில்தான் போட்டியிடுகின்றன என்று வைத்துக் கணக்குப் போட்ட கூர்னோவுக்கு மறுப்பாக 1883-ல் பெர்ட்ராண்ட் சொன்னது இதைத்தான்.

எனக்கு வந்த கணக்கில் ஒரே ஒரு மாற்றம். ஆளுக்கு அதிகபட்சம் 60 அலகுதான் செய்ய முடியும். விலை 10 என்றால் தேவை 100, இருவரும் சேர்ந்தால் 120. சரக்குக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே விலை 10-தான் என்று எழுதிவிட்டு, சரிபார்க்க உட்கார்ந்தேன். 10 நிற்கவில்லை. வேறு எந்த விலையை வைத்துப் பார்த்தாலும் அதுவும் நிற்கவில்லை. அப்படியானால் விலை எங்கேதான் நிற்கும்?

சரவணன்

10-லேயே நிற்கும் தோழி. மொத்தத் திறன் 120, தேவை 100. தேவையை விடத் திறன் அதிகமாக இருக்கும்போது யாராவது ஒருவர் கையில் சரக்கு தேங்கத்தான் செய்யும். தேங்கியவர் ரேட்டை உடைப்பார், மற்றவரும் உடைப்பார். திறன் வரம்பு கடிக்க வேண்டுமென்றால் மொத்தத் திறன் தேவைக்குக் கீழே இருக்க வேண்டும். ஆளுக்கு 30 மட்டும் என்று வையுங்கள், மொத்தம் 60. அப்போது 60 பேர் வாங்குகிற விலை 50, அங்கே நிற்கும். 60 + 60 என்றால் பழைய பெர்ட்ராண்ட் கதைதான்.

கயல்விழி

சரவணன் சொன்னதில் 30 + 30 பற்றிய பகுதி பெரும்பாலும் சரி, பிறகு வருகிறேன். 60 + 60 பற்றிச் சொன்னது சரியில்லை. பலரும் வழுக்குகிற இடம் இது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பார்க்க வேண்டியது மொத்தத் திறனை அல்ல. எதிராளி தனியாக சந்தை முழுவதையும் தாங்குவாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இருவரும் 10-ல் விற்கிறார்கள், யாருக்கும் லாபம் இல்லை. இப்போது தேன்மொழி, நீங்கள் மட்டும் விலையை 30 ஆக்குங்கள். வாங்குபவர்கள் எல்லாரும் எதிராளியிடம் ஓடுவார்கள். ஓடட்டும். அவரால் 60 அலகுதான் கொடுக்க முடியும். 30 கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் தேவை 80. அதில் 60 அவரிடம் போக, மிச்சம் 20. அந்த 20 பேருக்குப் போக வேறு இடம் கிடையாது. உங்களுக்கு அலகுக்கு 20 வீதம் 20 அலகில் லாபம் 400. பூச்சியத்தை விட 400 பெரிது. ஆகவே 10 நிற்காது. ஏன் 30? அந்த மிச்சத் தேவையை வைத்து எந்த விலை அதிக லாபம் தருகிறது என்று பார்த்தால் 30-தான் வரும். 28 போட்டால் 18 × 22 = 396. 32 போட்டால் 22 × 18 = 396.

சரி, 30-ல் நிற்குமா? நிற்காது. நீங்கள் 30 என்றால் எதிராளி 29 போட்டு 60 அலகையும் விற்று 1140 பார்ப்பார். நீங்கள் 28-க்கு இறங்குவீர்கள், அவர் 27-க்கு இறங்குவார். படி இறங்கிக்கொண்டே போகிறது. ஆனால் அடிவரைக்கும் போகாது. 60 அலகை முழுதாக விற்று 400 லாபம் பார்க்க அலகுக்கு 6.67 வேண்டும், அதாவது விலை 16.67. அதற்குக் கீழே எதிராளியை வெட்டி எல்லாவற்றையும் விற்பதை விட, வெட்டாமல் 30-க்கு ஏறி மிச்சத்தை மட்டும் விற்பது மேல். ஒருவர் 30-க்குத் தாவுவார். அவர் தாவியதும் மற்றவர் 16.67-ல் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? 29.9-க்குத் தாவுவார். மறுபடியும் படி இறக்கம்.

ஆகவே நீங்கள் கண்டது சரியான விடைதான் தேன்மொழி. ஒரே விலையில் நிற்கிற சமநிலை இந்தக் கணக்கில் கிடையாது. 1897-ல் எட்ஜ்வொர்த் இத்தாலிய இதழ் ஒன்றில் எழுதியது இதைத்தான். 16.67-க்கும் 30-க்கும் நடுவில் விலை அலைந்துகொண்டிருக்கும், 10-ஐத் தொடாது.

ரஹீம்

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. அட்டைப்பெட்டி தொழிற்சாலையில் கொட்டேஷன் போடுகிற வேலை. கயல்விழி மேடம் எழுதியதைப் படித்ததும் எங்கள் தொழிலை அப்படியே பார்த்த மாதிரி இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரு போட்டி கம்பெனி. அவர்கள் ரேட் எப்போதும் எங்களை விடக் கொஞ்சம் கீழே. புதிதாகச் சேர்ந்த பையன்கள் பதறுவார்கள், நாமும் குறைக்கலாம் சார் என்பார்கள். நான் முதலில் கேட்பது, அவர்கள் டெலிவரிக்கு எந்தத் தேதி சொல்கிறார்கள் என்பதுதான். அவர்களிடமும் ஒரே ஒரு லைன்தான் ஓடுகிறது. நாலு நாளில் தருகிறேன் என்றால் லைன் காலியாக இருக்கிறது, நாங்களும் ரேட்டில் இறங்கியாக வேண்டும். மூன்று வாரம் ஆகும் என்றால் ஆர்டர் புக் நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் ரேட் எவ்வளவு குறைவாக இருந்து என்ன பயன்? பார்ட்டி எங்களிடம்தான் வர வேண்டும். அந்த நேரத்தில் ரேட்டைக் குறைப்பது கையில் இருக்கிற காசை வீசி எறிவது.

ஒரு சந்தேகம். இது எங்கள் தரத்துக்காக வருகிற ஆர்டர் என்று எங்கள் முதலாளி நினைக்கிறார். நானும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். பார்ட்டிக்கு எங்கள் பெட்டி பிடித்திருப்பதால்தானே அதிக ரேட்டுக்கு வாங்குகிறார்?

கயல்விழி

ரஹீம் பாய், டெலிவரி தேதியைப் பார்த்து ரேட் போடுவது இந்தக் கோட்பாட்டின் சாரம். மிச்சத் தேவை எவ்வளவு என்பதை நீங்கள் காலண்டரில் படிக்கிறீர்கள்.

தரம் பற்றிய கேள்விக்கு நீங்களே விடை கண்டுபிடிக்கலாம். அவர்கள் லைன் காலியாக இருக்கிற மாதங்களிலும் அதே பார்ட்டிகள் உங்கள் கூடுதல் ரேட்டுக்கு வாங்குகிறார்களா? வாங்கினால் தரத்துக்கு வருகிறார்கள். மூன்று வாரம் என்று அங்கே சொல்லும்போது மட்டும் வந்தால், அங்கே இடம் இல்லாததால் வருகிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், அந்தக் கம்பெனி இரண்டாவது லைன் போடுகிற அன்று முதலாளிக்குப் பெரிய அதிர்ச்சியாக இருக்கும்.

தேன்மொழி

நன்றி மேடம், 60 + 60 புரிந்துவிட்டது. திறனை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு 80 என்றால் விலை 11.25-க்கும் 20-க்கும் நடுவில் அலைகிறது. ஆளுக்கு 100 ஆனதும் மிச்சத் தேவை என்று எதுவும் இல்லை, விலை 10-க்கே வந்துவிடுகிறது. ஆக, அடக்க விலைக்கு இறங்க வேண்டும் என்றால் ஒவ்வொருவரும் தனியாளாகவே மொத்தச் சந்தையையும் தாங்க வேண்டும். இரண்டு பேருக்குச் சந்தையைப் போல இரண்டு மடங்கு திறன்! எவ்வளவு கடுமையான நிபந்தனை, பெர்ட்ராண்ட் கதையைச் சொல்லும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

30 + 30 பற்றி சரவணன் சொன்னது ஏன் "பெரும்பாலும்" சரி?

சரவணன்

அதை நானே சொல்கிறேன். ஆளுக்கு 30, இருவரும் 50-ல். கீழே இறங்குவதில் அர்த்தமில்லை, ஏற்கெனவே 30-ம் விற்றுவிடுகிறது. மேலே ஏறினால்? எதிராளி 30 விற்றபின் உங்களுக்கு மிச்சம் 80 − விலை. 50-ல் 30 அலகு, லாபம் 1200. 52-ல் 28 அலகு, லாபம் 42 × 28 = 1176. குறைகிறது. ஆகவே யாரும் அசைய மாட்டார்கள். இது அப்படியே கூர்னோ. 1983-ல் கிரெப்ஸும் ஷைன்க்மனும் நிரூபித்தார்களே: முதலில் திறனைக் கட்டு, பிறகு விலையில் மோது என்றால் முடிவு கூர்னோவின் முடிவுதான். இந்தச் சந்தையில் கூர்னோ அளவு ஆளுக்கு 33.3. அதற்கு மேல் யாரும் கட்டப் போவதில்லை என்பதால் 60 + 60 என்பதே வெறும் ஏட்டுக் கணக்கு. திறன் வரம்பு என்று வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கூர்னோ போடலாம்.

கயல்விழி

கணக்கு சரி. முடிவுதான் அவசரம், இரண்டு காரணம்.

ஒன்று, திறன் எப்போதும் இன்றைய தேவையைப் பார்த்துக் கட்டப்படுவதில்லை. தேவை இரண்டு மடங்கு இருந்த காலத்தில் கட்டிய ஆலை, தேவை சுருங்கிய பிறகும் அங்கேயேதான் நிற்கும். 60 + 60 என்பது ஏட்டில் மட்டும் இருப்பதல்ல, மந்தகாலத்தில் பல தொழில்களின் நிலை அதுதான்.

இரண்டாவது காரணம் ஆழமானது. நான் 60 + 60-ல் போட்டதும், நீங்கள் 30 + 30-ல் போட்டதும் ஒரு சத்தமில்லாத அனுமானத்தின் மேல் நிற்கின்றன. மலிவுச் சரக்கு யாருக்குப் போகிறது? அதிக விலை கொடுக்கத் தயாரானவர்கள் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று இருவரும் வைத்துக்கொண்டோம். அதனால்தான் தேவையிலிருந்து எதிராளியின் திறனை நேராகக் கழித்தோம். மிச்சம் இருப்பவர்கள் எல்லாம் விலைக்குத் தயங்குகிறவர்கள்.

அப்படி இல்லாமல் முந்தி வந்தவருக்கு முதலில் என்று வையுங்கள். யார் முந்தி வருவார் என்பதற்கும் யார் அதிகம் கொடுப்பார் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. எதிராளி 50-ல் நிற்கிறார், 60 பேர் கேட்கிறார்கள், 30 பேருக்குத்தான் கிடைக்கிறது. பாதிப் பேர் திரும்புகிறார்கள். ஆனால் திரும்பியவர்களில் எல்லா வகையினரும் இருக்கிறார்கள், அதிகம் கொடுக்கக்கூடியவர்களும் பாதிப் பேர். ஆகவே நீங்கள் 60 போட்டால் தேவை 50, அதில் பாதி 25 உங்களிடம் வரும். லாபம் 50 × 25 = 1250. இது 1200-ஐ விட அதிகம்! 50 உடைந்துவிட்டது. 30 + 30-லும் விலை அலையத் தொடங்கும்.

1986-ல் டேவிட்சனும் டெனெக்கரேயும் காட்டியது இதுதான். கிரெப்ஸ்–ஷைன்க்மன் முடிவு தப்பில்லை, ஆனால் அது மலிவுச் சரக்கு யாருக்கு முதலில் என்ற ஒரே விதியைச் சாய்ந்து நிற்கிறது.

ரஹீம்

இது எனக்குப் பிடித்த இடம். எங்கள் தொழிலில் யாருக்கு முதலில் என்று கேட்டால், பெரிய பார்ட்டிக்கு முதலில். வருடம் முழுக்க எடுப்பவருக்கு லைனில் இடம் ஒதுக்கி வைத்திருப்போம், போட்டி கம்பெனியும் அப்படித்தான். பெரிய பார்ட்டிதான் ரேட்டில் கறாராகப் பேரம் பேசுகிறவர். அவசரமாக ஆயிரம் பெட்டி வேண்டும், என்ன ரேட் என்றாலும் சரி என்று ஓடி வருவது சின்ன ஆள். அவருக்குத்தான் அங்கே இடம் கிடைக்காமல் எங்களிடம் வருகிறார். நீங்கள் சொன்ன இரண்டு விதியுமே இல்லை இது, தலைகீழ்.

கயல்விழி

அப்படியானால் உங்களிடம் வருகிற மிச்சத் தேவை இரண்டு விதிகளையும் விடக் கொழுத்தது. கொடுக்க மனமில்லாதவர்களுக்கு மலிவுச் சரக்கு போய்விடுகிறது, கொடுக்கத் தயாரானவர்கள் உங்கள் வாசலில். ரேட்டை ஏற்றி நிற்க இதைவிட வலுவான காரணம் வேண்டாம். எந்த விதி பொருந்தும் என்பதைக் கோட்பாடு சொல்லாது; ஆர்டர் புக்கை வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

ஜெரால்டு

மின்சாரச் சந்தையில் வேலை பார்த்தவன். அங்கே இது தினசரிப் பிரச்சினை, மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைப்பது சுலபமில்லை, ஆலையின் திறனும் இத்தனை மெகாவாட் என்று எழுதியே இருக்கும். 2000–01-ல் கலிபோர்னியாவில் விலை எகிறியபோது முக்கியமாகக் கேட்கப்பட்ட கேள்வி, இந்த ஒரு நிறுவனத்தை எடுத்துவிட்டால் மற்றவர்களால் தேவையை நிரப்ப முடியுமா என்பது. மற்றவர்கள் எல்லாருடைய திறனையும் கூட்டித் தேவையால் வகுக்கிறார்கள். 1-க்குக் கீழே வந்தால் அந்த நிறுவனம் இல்லாமல் விளக்கு எரியாது, அதனால் விலையை அதுவே வைக்கலாம். தேன்மொழியின் கணக்கில் 60-ஐ 100-ஆல் வகுத்தால் 0.6. மொத்தத் திறன் தேவையை விட 20 சதவீதம் அதிகமாக இருந்தும் இருவருமே தவிர்க்க முடியாதவர்கள்.

ஒரு வித்தியாசம். பல மின் ஏலங்களில் கடைசியாக ஏற்கப்பட்ட ஆலையின் விலையே எல்லாருக்கும் கிடைக்கும். அங்கே அலைச்சல் இல்லாமலும் உட்காரலாம்: ஒருவர் உயரமாகக் கேட்கிறார், மற்றவர் அடிமட்டத்தில் கேட்டு முழுத் திறனையும் விற்று, அந்த உயரமான விலையையே வாங்கிக்கொள்கிறார். உயரமாகக் கேட்டவருக்கு மிச்சம் மட்டும். யார் அந்த உயரமான வேடத்தை எடுப்பது என்பதில்தான் சிக்கல்.

சரவணன்

பெட்ரோல் பங்குகளிலும் இந்த அலையைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் விலை சடாரென்று ஏறி, பிறகு நாளுக்கு நாள் இறங்கி, மறுபடி சடாரென்று ஏறும். எட்ஜ்வொர்த்தின் படம் கண்ணெதிரே.

ஆனால் கயல்விழியிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரே விலை நிற்காது என்றால் பிறகு என்ன நிற்கும்? புத்தகங்கள், இருவரும் ஒரு பரவலிலிருந்து விலையைக் குலுக்கி எடுப்பார்கள் என்கின்றன. எந்த முதலாளி குலுக்கல் போட்டு விலை வைக்கிறார்? இதை விடை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கயல்விழி

பெர்த் அலையின் வடிவம் அதுதான், காரணம் அது அல்ல. பங்கில் பெட்ரோல் தீர்ந்து யாரும் பக்கத்துப் பங்குக்குப் போவதில்லை. 1988-ல் மாஸ்கினும் டிரோலும் திறன் வரம்பே இல்லாமல், இருவரும் மாறி மாறி விலை வைக்கிற ஆட்டத்திலும் இதே அலை வரும் என்று காட்டினார்கள். படத்தைப் பார்த்துக் காரணத்தைச் சொல்ல முடியாது. மலிவாக விற்பவரிடம் சரக்கு தீர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குலுக்கல் பற்றி. நம் 60 + 60-ல் அந்தப் பரவலைக் கணக்கிட்டால், மூன்றில் இரண்டு தடவை விலை 20-க்குக் கீழே விழும். மேலே 30 வரை வால் நீளும். அந்தப் பரவலுக்குள் எந்த விலை போட்டாலும் சராசரி லாபம் 400. நான் இதை எப்படிப் படிக்கிறேன் என்றால், மூடிய உறையில் டெண்டர் போடுகிறீர்கள், எதிராளியின் விலை தெரியாது, உங்கள் விலையை அவரால் ஊகிக்க முடிந்தால் அதற்குக் கீழே போட்டு முழுத் திறனையும் அவர் விற்றுவிடுவார். ஆகவே ஊகிக்க முடியாதபடி இருப்பது உங்கள் நலன். அந்த நிச்சயமின்மையைத்தான் பரவல் அளக்கிறது. முதலாளி பகடை உருட்ட வேண்டியதில்லை, அவருடைய அன்றைய ஆர்டர் புக், ரொக்க நெருக்கடி எதிராளிக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

சரவணன்

டெண்டர் என்றால் ஒத்துக்கொள்கிறேன். விலை வெளியே தெரிகிற, நினைத்தபோது மாற்றக்கூடிய சந்தையில் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதிராளியின் விலை தெரிந்த அடுத்த நிமிடமே நான் என் விலையை மாற்றுவேன். குலுக்கிய விலையில் யாரும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

கயல்விழி

அந்த எதிர்ப்பு நியாயமானது, பழையதும்கூட. விலையைப் போட்டால் சிறிது காலம் மாற்ற முடியாது என்ற இடத்தில்தான் இந்த விடை வலுவாக நிற்கும். மாற்றலாம் என்றால் எட்ஜ்வொர்த்தின் அலையோ, இருவரும் பேசாமலே உயரத்தில் நிற்பதோ, இரண்டுமே நடக்கலாம். இதில் உங்களை முழுக்கச் சம்மதிக்க வைக்க என்னிடம் வாதம் இல்லை.

தேன்மொழி

அதைத்தான் கேட்க நினைத்தேன். விலை அடக்கத்தை விட மேலே இருக்கிறது என்றால் உடனே கூட்டுச்சதி என்கிறார்கள். கூட்டுச்சதியா, திறன் வரம்பா என்று வெளியிலிருந்து எப்படிப் பிரிப்பது?

கயல்விழி

நான் முதலில் பார்ப்பது, விலை குறைவாக வைத்தவர் முழுத் திறனில் ஓடுகிறாரா என்பதை. திறன் வரம்புதான் காரணம் என்றால் மலிவானவர் நிரம்பி வழிவார், உயர்ந்தவர் பாதி காலியாக இருந்தும் லாபத்தில் இருப்பார், இன்று மலிவானவர் அடுத்த மாதம் உயர்ந்தவராக இருப்பார். இருவருமே பாதி காலியாக, ஒரே உயர் விலையில், மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நம் கணக்கிலேயே பாருங்கள்: இருவரும் பேசிவைத்து 60-ல் நின்றால் ஆளுக்கு 25 விற்று 1250 பார்க்கலாம், ஒவ்வொருவரிடமும் 35 அலகுத் திறன் சும்மா கிடக்கும். பேசிவைக்காமல் ஒருவர் அந்த 35-ஐச் சும்மா விடமாட்டார்.

ரஹீம்

எல்லாம் சரி, ஒரு விஷயம் விட்டுப்போனது. 60-க்கு மேல் செய்யவே முடியாது என்கிறீர்கள். எங்களிடம் அப்படி இல்லை. நைட் ஷிஃப்ட் போட்டால் இன்னும் ஓட்டலாம். ஆனால் ஓவர்டைம், டீசல், வேஸ்டேஜ் எல்லாம் சேர்ந்து அடக்கம் ஏறிவிடும். அப்போது?

கயல்விழி

அப்போது சுவர் மேடாகிறது. 60 வரை அடக்கம் 10, அதற்கு மேல் 18 என்று வையுங்கள். எதிராளி 16-ல் விற்றால் 60-க்கு மேல் ஓட்டுவது அவருக்கு நஷ்டம், ஆர்டரைத் திருப்பி அனுப்புவார். மிச்சம் 20 பேர் பழையபடி உங்கள் 30-க்கு வருவார்கள். அவர் 29-ல் விற்றாலோ நைட் ஷிஃப்ட் கட்டுப்படியாகும், கேட்கிற 81 அலகையும் அவரே கொடுத்துவிடுவார், உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே 18-க்குக் கீழே சுவர் நிற்கிறது, மேலே நிற்கவில்லை. உயரமான விலையில் உட்காருவது முன்பை விட ஆபத்து. கீழ் எல்லை எங்கே போகும் என்பதைப் புதிதாகக் கணக்கிட வேண்டும், 16.67-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தேன்மொழி

அந்த 18-ஐ வைத்து நான் போட்டுப் பார்க்கிறேன். ரஹீம் பாய், உங்கள் நைட் ஷிஃப்ட்டில் அடக்கம் ஒரே தாவலாக ஏறுமா, கொஞ்சம் கொஞ்சமாக ஏறுமா?

ரஹீம்

ஷிஃப்ட் தொடங்கினாலே ஒரு தாவல். ஆள் கூலி ஒரு பெட்டிக்கும் ஒன்றுதான், பத்தாயிரம் பெட்டிக்கும் ஒன்றுதான். அதனால் சின்ன ஆர்டருக்காக நைட் ஷிஃப்ட் திறக்கவே மாட்டோம், திறந்துவிட்டால் ரேட்டைக் குறைத்தாவது லைனை நிரப்பத்தான் பார்ப்போம்.